பையில் இருக்கும் பணத்துக்கு நான் ஏன் கணக்குச் சொல்லணும்?

கடற்கரைச்சாலை · 11 ஜனவரி 2020

ஒரு சந்தேகம். கொலை வழக்கில்கூட அரசுதான் நிரூபிக்கணும், குற்றவாளி வாயைத் திறக்காமல் உட்காரலாம். ஆனா என் கணக்கில் நான் போட்ட ரொக்கத்துக்கு மட்டும் ‘எங்கிருந்து வந்தது, நிரூபி’ன்னு வருமான வரி ஆபீஸிலிருந்து ஆர்டர் வருது. நிரூபிக்கலைன்னா அது வருமானமாம். திருடன்னு முதலில் முடிவு கட்டிட்டு, இல்லைன்னு நீயே காட்டுன்னு சொல்ற மாதிரி இல்ல? இது எந்த ஊர் நியாயம்? சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ‘வரி ஒழுங்கா கட்டுங்க’ன்னு புத்திமதி வேணாம்.

தண்டையார்பேட்டை கணக்கு · 11 ஜனவரி 2020, இரவு

நான் வக்கீல் இல்ல. 20 வருஷத்துக்கு மேல் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதியவன். இதே கேள்வியை எங்க அத்தை போன வாரம் கேட்டாங்க. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, உப்புப் போட்டுக் காயவைச்சு கருவாடு விக்கிறவங்க. 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாதுன்னதும் மூணு தடவையா 8,70,000 ரூபாய் பேங்கில் போட்டாங்க. டிசம்பர் கடைசியில் ஆர்டர் வந்திருக்கு. அதைக் கையில் வெச்சுக்கிட்டுத்தான் எழுதறேன்.

உங்க ஒப்பீடு தப்பு. கொலை வழக்கில் தோத்தா ஜெயில். இங்கே கேள்வி, இந்தப் பணம் வருமானமா இல்லையா என்பது மட்டும். அந்தப் பணம் வந்த வழி உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், பணத்தை வெச்சிருக்கிறவருக்கு. அதிகாரி என்ன செய்வார்? ‘இது இவங்க அண்ணன் கொடுத்ததில்ல, சீட்டுப் பணமில்ல, தாலி வித்ததில்ல’ன்னு இல்லாததை ஒவ்வொண்ணா நிரூபிக்க முடியுமா? ஆயுசு பத்தாது. அதனால்தான் யாருக்குத் தெரியுமோ அவரே சொல்லட்டும்னு வெச்சிருக்காங்க. சாட்சியச் சட்டம் 106-ம் பிரிவும் இதையேதான் சொல்லுது. ஒருத்தருக்கு மட்டும் தனிப்பட்டுத் தெரிஞ்ச விஷயத்தை அவர்தான் நிரூபிக்கணும்.

பெரம்பூர் பேட்டரி கடை · 12 ஜனவரி 2020

எனக்கும் இதே கதைதான். போன வருஷம் எலெக்‌ஷன் டைமில் மூலக்கடை சிக்னலில் நிறுத்தி 86,000 எடுத்துட்டாங்க. கடை வசூல் சார். வருமான வரி ஆளுங்க கொஞ்சமும் இரக்கம் இல்லாதவங்க.

தண்டையார்பேட்டை கணக்கு · 12 ஜனவரி 2020

பேட்டரி அண்ணே, உங்களை நிறுத்தியது வருமான வரி இல்ல, தேர்தல் பறக்கும் படை. அங்கே கேட்பது ‘இது ஓட்டுக்குக் கொடுக்கிற பணமா’ன்னு. அதுக்கு 50,000 ரூபாய்ன்னு ஒரு கோடு. 10 லட்சத்துக்கு மேல போனாத்தான் வருமான வரிக்குத் தகவல் போகும். பில் புக்கோட மாவட்டக் குழுகிட்ட மனு கொடுத்தா திரும்பக் கிடைக்கும். வாங்கிட்டீங்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

பெரம்பூர் பேட்டரி கடை · 12 ஜனவரி 2020

11 நாள் கழிச்சு வாங்கிட்டேன். ஆனாலும் மனசு ஆறல.

எம்.சி. ரோடு துணிக்கடை · 13 ஜனவரி 2020

எல்லாரும் பயப்படுத்துறீங்க. வீட்டில் 500 கிராம் நகை வெச்சிருந்தா கேட்க மாட்டாங்க, அதே மாதிரி ரெண்டரை லட்சம் ரொக்கத்துக்கும் சட்டத்தில் விலக்கு இருக்கு. உங்க அத்தைக்கு அதைக் கழிச்சிட்டுத்தான் கேட்கணும். ஆடிட்டர் சொல்லலையா?

தண்டையார்பேட்டை கணக்கு · 13 ஜனவரி 2020

பாதி சரி. ரெண்டுமே சட்டம் இல்ல, துறை தன் ஆட்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. நகைக்கானது 1994-ல் வந்தது. கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாதவங்களுக்கு 250, ஆம்பளைக்கு 100. சோதனை நடக்கும்போது அதுவரை பறிமுதல் பண்ணாதேன்னுதான் அதில் இருக்கு. ரெண்டரை லட்சம் வந்தது 2017 பிப்ரவரியில். செல்லாத நோட்டு டெபாசிட்டில் தொழில் வருமானம் இல்லாத தனிநபர்னா அவ்வளவு வரை துருவ வேண்டாம், 70 வயசு தாண்டினவங்கன்னா 5 லட்சம் வரை. ‘தொழில் வருமானம் இல்லாத’ என்ற வார்த்தையில் அத்தை வெளியே போயிட்டாங்க. கருவாடு தொழில்தானே. வீட்டில் சும்மா இருக்கிறவங்கன்னு எழுதியிருந்தா அந்த ரெண்டரை லட்சமாவது தப்பிச்சிருக்கும். அதைச் சொன்னதுக்கு அத்தை என்னை முறைச்சதை நீங்க பார்த்திருக்கணும்.

தண்டையார்பேட்டை கணக்கு · 14 ஜனவரி 2020

பொங்கலுக்கு முந்தின நாள், வேலை ஓடல. கணக்கை முழுசா போடறேன்.

8,70,000-க்கு அத்தை சொன்னது மூணு வழி. 2016 மார்ச்சில் அதே பேங்கில் 3,00,000 எடுத்தாங்க, மாடி ஓடு மாத்தி கான்கிரீட் போட. கொத்தனார் கூலித் தகராறில் வேலை நின்னுடுச்சு, பணம் பீரோவில். அடுத்தது தெருச் சீட்டு, செப்டம்பரில் எடுத்தது 2,40,000. மிச்சம் 3,30,000 கருவாட்டு முதல். ஏலத்தில் மீனுக்கு ரொக்கம்தான், கடனுக்கு மீன் தர மாட்டாங்க. அதனால் ஒரு கைப்பணம் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும்.

அதிகாரி ‘முன் சேமிப்பு இருந்திருக்கலாம்’ன்னு 1,00,000 மட்டும் ஒத்துக்கிட்டார். மிச்சம் 7,70,000-ஐ 69ஏ பிரிவில் விளக்கமில்லாத பணம்னு சேர்த்துட்டார். அதுக்கு வரி சாதாரண ஸ்லாப் கிடையாது. 115பிபிஇ பிரிவில் தட்டையா 60 சதவீதம், அது மேல 25 சதவீத உபவரி, அது மேல செஸ். ரெண்டரை லட்சம் அடிப்படை விலக்கும் இல்ல, செலவுக் கழிவும் இல்ல. மொத்தம் 78 சதவீதம். 7,70,000-க்கு 6,00,600 ரூபாய். அபராதம் தனி.

பத்துப் பங்கில் எட்டுப் பங்கு போச்சு. கடற்கரைச்சாலை கோபம் எனக்கும் புரியுது. ஆனா கோபப்பட வேண்டிய இடம் ‘நிரூபி’ங்கறது இல்ல, தோத்தா விழுகிற இந்த அடிதான். 2016 டிசம்பர் வரைக்கும் இந்த 60 என்பது வெறும் 30-ஆ இருந்தது.

பழைய வண்ணை வக்கீல் · 16 ஜனவரி 2020

இரண்டு திருத்தம். அந்த வருஷத்துக்கு செஸ் 3 சதவீதம், 4 ஆனது பிற்பாடு. ஆக 78 இல்ல, 77.25. உங்க அத்தைக்கு 5,94,825.

இரண்டாவது முக்கியம். நீங்க எழுதுவதைப் பார்த்தா பாரம் முழுக்க அத்தை தலையில் என்பது போல இருக்கு. அப்படி இல்ல. முதல் படி துறையோடது. பணம் அவருடையதுன்னு அவங்க காட்டணும். அது கையில் இருப்பதிலிருந்தே ஊகிக்கலாம். படுக்கையறையில் 565 வெளிநாட்டுக் கைக்கடிகாரங்கள் பிடிபட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-ல் அதைத்தான் சொன்னது. கையில் வைத்திருப்பவரே சொந்தக்காரர், இல்லையென்றால் அவர் காட்டட்டும். சாட்சியச் சட்டம் 110-ன் கருத்து அது. வரி நடவடிக்கைக்கு அந்தச் சட்டம் எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டாலும் அதன் நியாயம் பொருந்தும் என்றார்கள்.

இரண்டாம் படி அத்தையுடையது, விளக்கம் சொல்வது. நம்பத்தகுந்த விளக்கம் வந்துவிட்டால் பாரம் மறுபடி அதிகாரிக்கு. அவர் அதைப் பொய்யாக்க ஏதாவது வைத்திருக்கணும். பல்லாங்குழி மாதிரி கை மாறிக்கொண்டே இருக்கும்.

தண்டையார்பேட்டை கணக்கு · 16 ஜனவரி 2020

செஸ்ஸில் மாட்டிக்கிட்டேன். இதைத்தான் 20 வருஷமா சம்பளம் வாங்கிக்கிட்டுப் போட்டேன். மேலே மாத்தலை, அசிங்கம் அப்படியே கிடக்கட்டும்.

கடற்கரைச்சாலை · 17 ஜனவரி 2020

வக்கீல் சார், கை மாறுதுன்னு புத்தகத்தில் இருக்கும். நேரில் என் விஷயத்தில் ‘விளக்கம் திருப்தியாக இல்லை’ன்னு ஒரே வரியில் முடிச்சிட்டாங்க. திருப்தியா இல்லையான்னு யார் தீர்மானிப்பது? அதே அதிகாரி. அப்புறம் என்ன பல்லாங்குழி?

பழைய வண்ணை வக்கீல் · 18 ஜனவரி 2020

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு பழைய வழக்கு. 1946-லும் பெரிய நோட்டு செல்லாது என்றார்கள். ஒரு நிறுவனம் ஆயிரம் ரூபாய் நோட்டு 61-ஐ மாற்றியது. அன்றைக்கு அவர்கள் ரொக்கப் புத்தகத்தில் 69,000-க்கு மேல் இருப்பு. மேல்முறையீட்டில் 31 நோட்டை நம்பினார்கள், 30-ஐ நம்பவில்லை. உச்ச நீதிமன்றம் 1956-ல் ரத்து செய்தது. புத்தகத்தைப் பொய் என்று நீ சொல்லவில்லை, பிறகு 31 மட்டும் உண்மை என்பது வெறும் யூகம் என்று. 1963-ல் இன்னொரு வழக்கில், நல்ல விளக்கத்தைக் காரணமில்லாமல் தள்ளி, இருக்கிற ஆதாரத்தை இல்லாத ஆதாரமாக ஆக்க முடியாது என்றார்கள்.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. குதிரைப் பந்தயத்தில் தொடர்ந்து ஜாக்பாட் அடித்ததாகச் சொன்ன ஒருவர் வழக்கு, 1995. சீட்டு, சான்றிதழ் எல்லாம் கச்சிதமாக இருந்தது. மனுஷ நடப்புக்கு இது ஒத்துவருமா என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். காகிதம் இருப்பது மட்டும் போதாது.

எம்.சி. ரோடு துணிக்கடை · 18 ஜனவரி 2020

அப்போ காகிதம் இருந்தாலும் தப்பு, இல்லாட்டியும் தப்பு!

தண்டையார்பேட்டை கணக்கு · 19 ஜனவரி 2020

துணிக்கடை சொன்னது சிரிப்பா இருந்தாலும் எனக்கு வயித்தில் சுருக்குன்னுச்சு. காரணம் சொல்றேன்.

சீட்டு 2,40,000-க்கு நாங்க ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். 20 மாச வரவு, யார் எடுத்தது, தள்ளுபடி எவ்வளவு, எல்லாம் தெளிவா. அதிகாரி கேட்டார்: ‘20 மாசமும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு அடித்தல்கூட இல்லையே?’ உண்மை என்னன்னா சீட்டுப் பிடிக்கிற அம்மாவோட புத்தகம் மீன் தண்ணியில் நனைஞ்சு படிக்கக் கஷ்டமா இருந்துச்சு. அத்தை பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்துட்டாங்க. நாற்றமடிக்கிற புத்தகத்தை ஆபீஸருக்குக் கொடுக்கலாமான்னு கூச்சம். நான் பார்த்தேன், ஒண்ணும் சொல்லல. ‘பிரதி’ன்னு மேலே ஒரு வார்த்தை எழுதியிருந்தாக்கூடப் போதும். மூலம் மாதிரி நீட்டிட்டோம். அதிலிருந்து அத்தை சொன்ன மத்த ரெண்டையும் அவர் சந்தேகக் கண்ணோடதான் பார்த்தார்.

பாரம் நம்ம மேல இருக்குன்னா இதுதான் நிஜ அர்த்தம். அழகான ஆதாரம் வேணாம், அந்த நேரத்தில் உண்டான ஆதாரம் வேணும். எண்ணெய்க் கறை, அடித்தல், தேதி தப்பு, எல்லாம் நம்ம சாட்சி.

தண்டையார்பேட்டை கணக்கு · 2 பிப்ரவரி 2020

அப்பீல் போட்டாச்சு. 30 நாளுக்குள் போடணும், 27-ம் நாள் போட்டோம். வசூலை நிறுத்தி வைக்க 20 சதவீதம் கட்டச் சொன்னாங்க, 1,18,965. அத்தை வளையல் ரெண்டு அடகுக்குப் போச்சு. தம்புசெட்டித் தெருவில் இருக்கிற ஒரு ஆலோசகர் ‘எல்லாத்தையும் கருவாட்டு விற்பனைன்னு காட்டிடலாம், 8 சதவீத லாபம், வரியே வராது’ன்னார். யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு 4,500 ரூபாய் வியாபாரம், வருஷத்துக்கு 300 நாள், 13,50,000. அதில் ஒரே நாளில் 8,70,000 கையில் தேங்கி நிக்குமா? குதிரைப் பந்தய கேள்விதான் வரும். மாட்டேன்னுட்டேன்.

பழைய வண்ணை வக்கீல் · 3 பிப்ரவரி 2020

சரியான முடிவு. அப்பீலில் இதையும் எழுதுங்கள். 69ஏ-யில் ‘வருமானமாகக் கருதலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘கருத வேண்டும்’ என்று இல்லை. எர்ணாகுளத்தில் நிலம் வாங்கிய 20 வயதுப் பெண் ஒருவர் வழக்கில், அதே அமைப்புள்ள 69-ம் பிரிவில், விளக்கம் நம்பும்படி இல்லாவிட்டாலும் அந்த வயசில் அவ்வளவு சம்பாதித்திருக்க வழியே இல்லை என்று சேர்க்காமல் விட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. விளக்கம் தோற்றால் வரி தானாக விழும் என்பது இல்லை. அதிகாரி மறுபடி ஒரு முறை யோசிக்கணும்.

கடற்கரைச்சாலை · 3 பிப்ரவரி 2020

‘லாம்’ங்கற ஒரு எழுத்துக்குள்ள இவ்வளவு இருக்கா. சரி, கோபம் கால்வாசி குறைஞ்சது. மீதி அப்படியே இருக்கு.

தண்டையார்பேட்டை கணக்கு · 9 ஜூலை 2021

தூசு தட்டி எழுப்பறேன். அப்பீல் முகம் தெரியாத முறைக்குப் போயிட்டதால் ஒன்றரை வருஷமா ஒரு கடுதாசியும் இல்ல. இடையில் ஒரு செய்தி. ஆக்ராவில் தீர்ப்பாயம் ஒரு இல்லத்தரசிக்கு 2,11,500 ரூபாய் செல்லாத நோட்டு டெபாசிட்டை வீட்டுச் சேமிப்புன்னு ஏத்துக்கிச்சு. காய்கறிக்காரன்கிட்ட பேரம் பேசி மிச்சம் பிடிக்கிற பணமெல்லாம் சேமிப்புதான்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. துணிக்கடைக்காரர் சொன்ன ரெண்டரை லட்சம் இந்த மாதிரி ஆளுக்குத்தான் பொருந்தும்.

எம்.சி. ரோடு துணிக்கடை · 9 ஜூலை 2021

அப்பவே சொன்னேன்ல.

தண்டையார்பேட்டை கணக்கு · 28 ஆகஸ்ட் 2023

உத்தரவு வந்தாச்சு. மூணும் மூணு விதம்.

பேங்கில் எடுத்த 3,00,000 முழுசா நீங்கிடுச்சு. எடுத்தது பாஸ்புக்கில் இருக்கு, வேற எங்கேயும் செலவழிச்சதா துறைகிட்ட ஒண்ணும் இல்ல. எட்டு மாசம் பீரோவில் வெச்சிருக்க மாட்டாங்கன்னு சொல்றது யூகம்தான்னு எழுதியிருக்காங்க. கருவாட்டு முதலில் மிச்சமிருந்த 2,30,000-உம் நீங்கிடுச்சு. ‘கருவாட்டு வியாபாரி’ன்னு ஆர்டரிலேயே எழுதிட்டு, அந்த வியாபாரத்தில் ரொக்கமே இருக்காதுன்னு சொல்ல முடியாதாம். 13,50,000-க்கு 8 சதவீதம்னா லாபம் 1,08,000. அது விலக்கு வரம்புக்குள்ள, வரி இல்ல.

சீட்டு 2,40,000 நின்னுடுச்சு. காரணம் நீங்களே சொல்லிடுவீங்க, ஒரே பேனா. வரி 1,85,400, அபராதம் 14,400.

மூணில் ரெண்டு ஜெயிச்சதுக்கு அத்தை சந்தோஷப்படல. ‘மூணுமே நெஜம்டா’ன்னாங்க.

கடற்கரைச்சாலை · 29 ஆகஸ்ட் 2023

என்னுது முழுசா தோத்துடுச்சு. மச்சான் கொடுத்த கடன்னு சொன்னேன். மச்சான் வருமானம் காட்டறதே இல்ல, சாட்சிக்கும் வரல. இப்ப யோசிச்சா, நானே அதிகாரியா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனா அது நெஜமாவே மச்சான் பணம்தான்.

தண்டையார்பேட்டை கணக்கு · 29 ஆகஸ்ட் 2023

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நெஜம் வேற, நிரூபிச்சது வேற. இந்தச் சட்டத்தில் இடிக்கிற இடம் அதுதான். 2020-ல் உங்க ஒப்பீடு தப்புன்னு எழுதினேன், இன்னைக்கு அவ்வளவு அடிச்சுச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சவன்தான் சொல்லணும், சரி. ஆனா சீட்டு, கைமாத்து, மச்சான் கடன்னு எங்க பக்கத்தில் காகிதமே இல்லாம ஓடுற பணத்துக்கு, தெரிஞ்சாலும் காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. செக்கில் வாழறவனுக்கு இதே பாரம் இறகு கனம்.

தண்டையார்பேட்டை கணக்கு · 19 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலில் தண்ணி வீட்டுக்குள்ள இடுப்பளவு. சீட்டுப் பிடிக்கிற அம்மா வீட்டிலும்தான். பரண் மேல இருந்ததை எல்லாம் இறக்கிக் காயவெக்கும்போது, பனையோலைப் பெட்டிக்கு அடியில் அந்தப் பழைய நோட்டு கிடைச்சிருக்கு! நனைஞ்சதுதான், 2015 மீன் தண்ணியில், இந்தப் புயலில் இல்ல. பக்கங்கள் ஒட்டிக்கிட்டிருக்கு. விசிறிக்குக் கீழே வெச்சு ஒரு ஒரு தாளாப் பிரிக்கறோம். தீர்ப்பாயத்துக்கு ஏற்கெனவே அப்பீல் போட்டாச்சு, இதைக் கூடுதல் ஆதாரமாச் சேர்க்கச் சொல்லி மனு.

பழைய வண்ணை வக்கீல் · 20 டிசம்பர் 2023

பிரிக்காதீர்கள். ஒட்டியபடியே காட்டுங்கள். பிரித்துவிட்டால் மறுபடி ஒரு கேள்வி வரும். அப்புறம் 2015-ல் நனைந்தது என்றால் 2016 செப்டம்பர் பதிவு அதில் எப்படி?

தண்டையார்பேட்டை கணக்கு · 20 டிசம்பர் 2023

2017-ல் நனைஞ்சது. அவசரத்தில் தப்பா எழுதிட்டேன். பார்த்தீங்களா, நானே இப்படி. நல்லவேளை இது மனுவில் போகல.

தண்டையார்பேட்டை கணக்கு · 30 நவம்பர் 2024

மதுரைக் கிளையில் இந்த மாசம் ஒரு தீர்ப்பு. 60 சதவீத விகிதம் 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த பரிவர்த்தனைகளுக்குத்தான், அதுக்கு முந்தினதுக்கு இல்லைன்னு. அத்தை டெபாசிட் 2016. இது நிலைச்சா, சீட்டில் தோத்தாலும் 30-உம் 3 சதவீத செஸ்ஸும்தான், 74,160. கட்டின 1,18,965-ல் பணம் திரும்ப வரணும்.

பழைய வண்ணை வக்கீல் · 1 டிசம்பர் 2024

இதை நம்பி வளையலை மீட்காதீர்கள். துறை இதோடு விட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வாதத்தைச் சேர்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை கணக்கு · 12 பிப்ரவரி 2025

விசாரணை நேத்து. நோட்டை ஒட்டியபடியே கொடுத்தோம், பிளாஸ்டிக் பையில். உறுப்பினர் பையைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். எட்டு வருஷம் ஆகியும் வாளை மீன் வாசம் போகல. துறை வக்கீல் நேரம் கேட்டார், அடுத்த மாசத்துக்குத் தள்ளிவெச்சிட்டாங்க. வெளியே வந்ததும் அத்தை கேட்டது: ‘அந்தப் பொண்ணு எழுதின நோட்டையும் திருப்பிக் கேளேன். நல்ல கையெழுத்துடா.’